டன்னுக்கு 3,500 ரூபாய்: விவசாயி கைக்கு வருவது எவ்வளவு?

2024-25 அரவைப் பருவத்தில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிக்கு டன்னுக்கு 3,500 ரூபாய் கிடைக்கும் என்று செய்தி வந்தது. செய்தி பொய்யில்லை. ஆனால் அந்தத் தொகை ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் வருவதில்லை. அது முழுவதும் விவசாயியின் கையில் தங்குவதுமில்லை. ஒரு லோடு கரும்பு வயலை விட்டுக் கிளம்பி, அதற்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும் வரை என்னென்ன கழிகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே முழுவதுமாகப் போட்டுப் பார்க்கலாம்.

விலை எந்த இடத்து விலை?

முதலில் 3,500 எப்படி வந்தது என்று பார்ப்போம். கரும்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் நியாயமான மற்றும் ஆதாய விலையை அறிவிக்கிறது. 2024-25 பருவத்துக்கு அது குவிண்டாலுக்கு 340 ரூபாய். இந்த விலை, ஆலையின் சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதமாக இருந்தால்தான் கிடைக்கும். நூறு கிலோ கரும்பை அரைத்தால் எத்தனை கிலோ சர்க்கரை எடுக்க முடிகிறது என்பதே கட்டுமானம். அது குறையக் குறைய விலையும் குறையும். ஆனால் 9.5 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு போனாலும் விலை அதற்கு மேல் இறங்காது. அந்த அடிமட்ட விலை டன்னுக்கு 3,151 ரூபாய். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஆலைகளில் இந்த விலைதான் நடப்பில் இருந்தது. அதற்கு மேல் மாநில அரசு டன்னுக்கு 349 ரூபாயைச் சிறப்பு ஊக்கத்தொகையாக அறிவித்தது. இரண்டும் சேர்ந்ததுதான் 3,500.

கட்டுமானம் ஆலை முழுவதற்கும் ஒரே சராசரிதான். உங்கள் வயல் கரும்பு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், பக்கத்து வயல் கரும்பு எவ்வளவு சப்பென்று இருந்தாலும் இருவருக்கும் ஒரே விலை. ஆகவே ஒரு விவசாயிக்கும் இன்னொருவருக்கும் வருமானத்தில் வித்தியாசம் வருவதற்கு எடையும் கழிவுகளுமே காரணம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அரசு அறிவிப்பது ஆலை வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்த கரும்பின் விலை. வயலில் நிற்கும் கரும்பின் விலை அதுவல்ல. வெட்டுவது, கட்டுவது, ஏற்றுவது, கொண்டுசேர்ப்பது எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் ஆலைகளே வெட்டு ஆட்களையும் வண்டிகளையும் அனுப்பி, அந்தச் செலவைக் கரும்பு விலையில் கழித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் வழக்கம் ஆலைக்கு ஆலை மாறுகிறது. சில இடங்களில் மேஸ்திரியிடம் விவசாயியே கூலி பேசி ரொக்கமாகக் கொடுக்கிறார். சில இடங்களில் ஆலை கொடுத்துவிட்டுப் பில்லில் பிடிக்கிறது. வண்டி வாடகையில் எத்தனை கிலோமீட்டர் வரை யார் பொறுப்பு என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். யார் முன்னால் கொடுத்தாலும் செலவு கடைசியில் கரும்பின் மேல்தான் விழுகிறது.

எடைமேடையில் தொடங்கும் கணக்கு

இனி ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எடையும் கூலியும் வாடகையும் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை அந்த இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கரும்பு ஏற்றிய லாரி ஆலை எடைமேடையில் ஏறுகிறது. மொத்த எடை 24,860 கிலோ. கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் காலி வண்டியின் எடை 8,420 கிலோ. மீதி 16,440 கிலோ கரும்பு.

இந்த எளிய கழித்தலிலும் கவனிக்க வேண்டியது உண்டு. லோடோடு எடை போடும்போது ஓட்டுநர் கீழே இறங்கி நின்று, காலி வண்டியை எடை போடும்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் அவருடைய எடை விவசாயியின் கரும்பிலிருந்து போய்விடும். எழுபது கிலோ என்று வைத்தாலும் ஒரு லோடுக்கு 220 ரூபாய். ஐந்து ஏக்கரில் இருநூறு டன் வெட்டுகிறவருக்குப் பன்னிரண்டு லோடு போகும். இரண்டரை ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். காலி வண்டியை ஒவ்வொரு நடைக்கும் எடை போடாமல் பழைய எடையையே எடுத்துக்கொண்டாலும் இதே போன்ற வித்தியாசம் வரும். எடைச் சீட்டில் இரண்டு எடைகளுக்கும் நேரம் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அடுத்தது கழிவு. கரும்போடு சோகையும் கொழுந்தாடையும் வேரில் ஒட்டிய மண்ணும் வந்தால், அவற்றுக்காக எடையில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். நம் லோடில் 2 சதவீதம் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 330 கிலோ போய்விடும். விலை கிடைக்கும் எடை 16,110 கிலோ, அதாவது 16.11 டன்.

இந்த 330 கிலோ உண்மையிலேயே சோகையாக இருந்தால், அதை வெட்டி ஏற்றிக் கொண்டுபோன கூலியும் வாடகையும்தான் நஷ்டம். சுத்தமான கரும்பாக இருந்தும் பொதுவாக 2 சதவீதம் என்று எல்லா லோடுக்கும் பிடித்திருந்தால் நஷ்டம் 1,040 ரூபாய். முதல் நஷ்டத்தை வயலில் தடுக்க வேண்டும்: வெட்டும் நேரத்தில் உடனிருந்து, கொழுந்தாடையைச் சரியாகக் கழிக்கச் சொல்லி, சோகையை உரித்துக் கட்டச் சொல்ல வேண்டும். இரண்டாவதை ஆலையில் கேட்டுத்தான் தடுக்க முடியும்: எந்த லோடில், எதைப் பார்த்து, எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்பது விவசாயியின் உரிமை.

வெட்டுக்கூலி ஏன் பெரிய செலவு?

16.11 டன்னுக்கு 3,151 ரூபாய் வீதம் கரும்பின் விலை 50,762 ரூபாய் 61 காசு. இனி கழிக்க வேண்டியவற்றில் முதலில் வருவது வெட்டுக்கூலி. டன்னுக்கு 1,100 ரூபாய் பேசியிருக்கிறோம். கூலி எந்த எடைக்கு? வெட்டுகிறவர் வயலில் ஏற்றிவிட்டது 16.44 டன். ஆலையில் கழித்த எடையை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்ளச் சொல்வதும் பல நேரம் முறையாகாது. ஆகவே கூலி 18,084 ரூபாய்.

விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டுக்கே போகிறது என்றால் வெட்டுகிறவர் கொள்ளையடிக்கிறார் என்று தோன்றலாம். அப்படி இல்லை. அந்தக் கூலிக்குள் அடியோடு வெட்டுவது, சோகை உரிப்பது, கொழுந்தாடை கழிப்பது, கட்டுவது, கட்டைத் தலையில் சுமந்து சாய்த்து வைத்த பலகையில் ஏறி லாரியில் அடுக்குவது எல்லாம் அடங்கும். நன்றாக வேலை செய்யும் ஓர் ஆள் ஒரு நாளில் இத்தனையும் சேர்த்து ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன் வரைதான் முடிக்க முடியும். சோகையின் கூரான ஓரம் கையையும் முகத்தையும் கிழிக்கும். அந்தக் கூலியிலிருந்துதான் மேஸ்திரியின் பங்கும் குழுவின் பயணச் செலவும் சாப்பாடும் போக வேண்டும்.

கூலி ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வயலின் நிலையும் வெட்டும் காலமும்தான். நிமிர்ந்து நிற்கும் கரும்பைவிடச் சாய்ந்து பின்னிக் கிடக்கும் கரும்பை வெட்ட நேரம் அதிகம். ஆட்கள் கூடுதல் கேட்பார்கள். மறுதாம்பில் கரும்பு மெலிந்திருந்தால் ஒரு டன் சேர்ப்பதற்கு அதிகக் கரும்பை வெட்ட வேண்டும். லாரி வயலுக்குள் வர முடியாமல் கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியிருந்தால் அதற்கும் கூலி. இவற்றுக்கெல்லாம் மேல், ஆலை தரும் வெட்டு ஆணை தாமதமாவது பெரிய கேடு. எந்த மாதம் நட்டது என்பதை வைத்து ஆலை வரிசைப்படி வெட்டு ஆணை கொடுக்கிறது. அது தள்ளிப்போனால் கரும்பு முற்றிச் சாய்கிறது, எடை குறைகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆட்கள் தேவைப்படுவதால் கூலியும் ஏறுகிறது. தாமதத்துக்கு விவசாயி காரணமில்லை. ஆனால் செலவு மட்டும் அவருடையது.

இயந்திர அறுவடை மாற்றாகுமா? நான்கு ஐந்து அடி இடைவெளியில் பார் போட்டு நட்ட வயலில்தான் இயந்திரம் சரியாக ஓடும். சிறு துண்டு நிலங்களில் திரும்ப இடம் இருக்காது. துண்டு துண்டாக வெட்டித் தருவதால் கரும்பை உடனே அரைக்க வேண்டும். சோகையும் கூடுதலாகச் சேர்ந்து வரும். நடும்போதே முடிவெடுத்தவர்களுக்கு அது பயன்படும். வெட்டும் நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது.

வண்டியும், சீட்டில் வராத செலவும்

வண்டி வாடகை டன்னுக்கு 250 ரூபாய் என்றால் 16.44 டன்னுக்கு 4,110 ரூபாய். வாடகை பொதுவாகத் தூரத்தைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். ஆகவே பில்லில் வாடகைத் தொகையைப் பார்த்தால் மட்டும் போதாது. எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வயலிலிருந்து ஆலைக்கு எவ்வளவு தூரம் என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள முடிகிற காலம் இது. ஆலையில் அரவை நின்று கரும்பை வேறு ஆலைக்குத் திருப்பிவிட்டால் கூடுதல் தூரத்துக்கான வாடகை யார் தலையில் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஆலை வாசலில் வண்டி காத்திருக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. வெட்டிய கரும்பு வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு சதவீதம் எடை இழக்கும். கடும் கோடையில் இன்னும் அதிகம். நம் லோடு ஒரு நாள் வரிசையில் நின்று ஒரு சதவீதம் காய்ந்தாலே ஏறத்தாழ ஐந்நூறு ரூபாய் காற்றோடு போய்விடும். எந்தச் சீட்டிலும் அது எழுதப்படாது.

எழுதப்படாத செலவுகள் வேறும் உண்டு. ஓட்டுநருக்குப் பேட்டா, வெட்டுகிறவர்களுக்கு டீ, டிபன், ஈரமான வயலில் புதைந்த லாரியை இழுத்துவிட டிராக்டர் என்று கொடுத்தது 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதை விவசாயி அவ்வப்போது சட்டைப் பையிலிருந்து கொடுத்துவிடுவார். வருடக் கடைசியில் கேட்டால் நினைவில் இருக்காது. கரும்பில் என்ன மிஞ்சியது என்று தெரியாமல் போவதற்கு இந்த நினைவில்லாத செலவு ஒரு முக்கியக் காரணம்.

மிச்சம் எவ்வளவு?

இப்போது கழித்துப் பார்ப்போம். 50,762 ரூபாயில் வெட்டுக்கூலி 18,084, வாடகை 4,110 போக 28,568 ரூபாய். கைச்செலவு 1,300 போனால் 27,268 ரூபாய். டன்னுக்கு ஏறத்தாழ 1,692 ரூபாய். அதாவது 3,151 ரூபாயில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பங்குதான் வயலுக்குத் திரும்பி வருகிறது.

மாநில அரசின் ஊக்கத்தொகை ஆலைப் பில்லில் சேராது. அரசிடமிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு, பிறகு வரும். 349 ரூபாய் வீதம் நம் லோடுக்கு 5,622 ரூபாய். அதையும் சேர்த்தால் டன்னுக்கு 2,041 ரூபாய். ஆக, செய்தியில் வந்த 3,500 ரூபாய் விவசாயியின் வயலில் 2,041 ரூபாய். ஏக்கருக்கு நாற்பது டன் என்றால் 81,600 ரூபாய் சொச்சம். விதைக்கரணை, உழவு, உரம், களை, தண்ணீர், பத்துப் பன்னிரண்டு மாத உழைப்பு எல்லாம் அதிலிருந்துதான் ஈடாக வேண்டும்.

பில்லில் இன்னொரு பிடித்தமும் வரும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வாங்கிய பயிர்க்கடன், ஆலை முன்பணமாகத் தந்த விதைக்கரணை, உரம் ஆகியவற்றின் பாக்கி. நம் லோடில் 15,000 ரூபாய் கடனுக்குப் பிடித்தால் கணக்கில் ஏறுவது 13,568 ரூபாய்தான். இதைப் பார்த்துக் கரும்பு விலையே இவ்வளவுதான் என்று மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. கடன் பிடித்தம் கரும்பின் செலவு ஆகாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. வெட்டு, வாடகை, கழிவு ஆகியவை வேறு வகை. இரண்டையும் ஒரே வரியில் கலந்து பார்த்தால் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடன் பிடித்தத்துக்கு ஒரு சோதனை மட்டும் போதும்: ஆலை பிடித்த தேதியில் சங்கத்தின் கடன் கணக்கில் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? ஆலை பிடித்துவிட்டு வங்கிக்குக் கட்டத் தாமதித்தால் அந்த இடைவெளிக்கும் விவசாயியின் கணக்கில்தான் வட்டி ஏறும்.

பதினான்கு நாள்

1966-ஆம் ஆண்டின் கரும்பு (கட்டுப்பாட்டு) ஆணை, கரும்பைக் கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாக்கியை நிலவரிப் பாக்கி போல வசூலிக்க மாவட்ட நிர்வாகத்துக்கு அந்த ஆணையில் வழி இருக்கிறது. ஆனால் எழுத்து மூலம் வேறு ஒப்பந்தம் இல்லாத வரைதான் 14 நாள் விதி செல்லும். பருவத் தொடக்கத்தில் பதிவு செய்யும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில் பணம் கொடுக்கும் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் கையெழுத்திட்டவர், பிறகு சட்டத்தைக் காட்டினாலும் ஆலை அந்தப் படிவத்தைக் காட்டும்.

நம் லோடின் 28,568 ரூபாய் கெடு முடிந்து 60 நாள் தாமதமானால் சட்டப்படி வட்டி ஏறத்தாழ 704 ரூபாய். அதே வேளையில் வெட்டுகிறவர்கள் 60 நாள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் முடியாது. விவசாயியே கூலி கொடுக்கும் இடங்களில் 18,084 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் 723 ரூபாய் வட்டி. ஆலை தர வேண்டிய வட்டி கேட்டுப் போராடினால்தான் வரும். விவசாயி கொடுக்க வேண்டிய வட்டி மாதம் பிறந்தால் வாசலில் நிற்கும்.

செய்ய வேண்டியது

விவசாயி செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு லோடின் எடைச் சீட்டையும் ஒரு நோட்டில் ஒட்டி, அதன் கீழே கொடுத்த கூலி, வாடகை, கைச்செலவு, கரும்பு இறங்கிய தேதி, பணம் ஏறிய தேதி ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். பருவ முடிவில் மொத்த மிச்சத்தை விலை கிடைத்த எடையால் வகுத்தால் உங்கள் வயலின் உண்மை விலை தெரிந்துவிடும். அடுத்த பருவம் மறுதாம்பு விடலாமா, வேறு பயிருக்குப் போகலாமா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். அறிவிப்பில் வந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆலைகள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. கணினியில் அச்சாகும் பில்லில் மொத்த எடை, காலி எடை, கழிவு சதவீதம், அதற்கான காரணம், வாடகைக்கு எடுத்த தூரம், வெட்டுக்கூலி வீதம், கடன் பிடித்தம், பணம் தர வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றைத் தனித்தனி வரியில் தமிழில் அச்சிட எந்தச் செலவும் இல்லை. 2025-26 பருவத்துக்கு அடிமட்ட விலை டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசாக உயர்ந்திருக்கிறது. முந்தைய பருவத்தைவிட 139 ரூபாய் 50 காசு அதிகம். வெட்டுக்கூலி டன்னுக்கு 140 ரூபாய் ஏறினாலே அந்த உயர்வு முழுவதும் கரைந்துவிடும். ஆகவே விலை அறிவிக்கும் அரசு, வெட்டு ஆணை நேரத்துக்குக் கிடைப்பதையும், 14 நாளில் பணம் ஏறுவதையும், பில் தெளிவாக வருவதையும் சேர்த்தே உறுதி செய்ய வேண்டும்.